புடவையை மாற்றினால் கரை வெட்டுப்படுகிறது, இல்லாவிட்டால் ஆள் குண்டாகிறார், இரண்டும் இல்லாவிட்டால் சரிகை மங்குகிறது: எந்த அளவு வைப்பது?

எம்சி ரோடு ஜவுளி

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்தப் புடவைக் கடையில் வேலை. ஆன்லைன் படங்கள் எல்லாம் என் தலையில்தான். ஒரே டிசைனில் பல நிறம் வரும். ஒவ்வொன்றையும் கட்டிப் படம் எடுக்க நேரமும் இல்லை, கடையில் இடமும் இல்லை. அதனால் முதலாளி மகள் ஒரு புடவை கட்டி ராயபுரத்தில் மொட்டை மாடியில் நின்று எடுத்த படத்தை வைத்துக்கொண்டு (கடைக்காகவே எடுத்தது, அவருக்கும் தெரியும்) மற்ற புடவைகளை ஏஐ எடிட்டில் மாற்றுகிறேன். கடைக் கம்ப்யூட்டரில் ஏ1111 என்ற படம் வரையும் புரோகிராம், அதில் எஸ்டிஎக்ஸ்எல் மாடல்.

பிரச்சினை என்னவென்றால், `Just resize` வைத்தால் ஆள் அகலமாகிவிடுகிறார். அவரே பார்த்துவிட்டு "நான் இவ்வளவு குண்டா" என்று கேட்டுவிட்டார். `Crop and resize` வைத்தால் காலடியில் கரை போய்விடுகிறது. விற்பதே அந்தக் கோபுரக் கரைதான், அது போனால் படம் எதற்கு. `Resize and fill` வைத்தால் ஆள் சரியாக இருக்கிறார், ஆனால் இரண்டு பக்கமும் சுவர் கோடு கோடாக இழுத்த மாதிரி வருகிறது, சரிகையும் மொத்தமாக மங்கல். அகலம், உயரம் இரண்டும் 1024 வைத்திருக்கிறேன். நிறம் மட்டும் மாற்றினால் போதாது, கரையும் வேறு வேறு.

கொருக்குப்பேட்டை கார்த்தி

ரொம்ப சிம்பிள் ப்ரோ. 1024 பத்தாது. 2048க்கு 2048 போடுங்க, சரிகை இழை இழையாகத் தெரியும். அளவு பெருசானால் தெளிவு தானாக வரும்.

பெரம்பூர் ஸ்டுடியோ

தம்பி, நாங்கள் பாஸ்போர்ட் படத்துக்குக் கோட்டு மாட்டுகிறோமே, அதே கதைதான் இது. கோட்டை இழுத்து உடம்போடு பொருத்தும்போது Shift அமுக்கிக்கொண்டு மூலையைப் பிடித்து இழுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கமாக நீளும். முப்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து மில்லிமீட்டர் சட்டத்தில் தோள் இரண்டும் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

எம்சி ரோடு ஜவுளி

சார், நான் போட்டோஷாப்பில் ஒட்டவில்லை. புடவை முழுவதையும் புதிதாக வரைய வைக்கிறேன். கோட்டு மாதிரி மேலே வைப்பது இல்லை.

கார்த்தி, 2048 போட்டுப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே இன்னொரு இடுப்பு, முந்தானை இரண்டு. கார்டும் திணறுகிறது.

மின்ட் தெரு மாலா

கார்த்தி சொன்னதில் பாதி சரி. கரைக்கு அதிக பிக்சல் கிடைத்தால் தெளிவு வரும், அது உண்மை. ஆனால் மொத்தப் படத்தையும் பெரிதாக்கி அதைக் கொடுக்க முடியாது. எஸ்டிஎக்ஸ்எல் கற்றுக்கொண்டதே 1024க்கு 1024 அளவு பரப்பில், அதாவது சுமார் பத்து லட்சம் பிக்சலில். வடிவம் நெட்டையாக இருக்கலாம், குட்டையாக இருக்கலாம், பரப்பு ஏறக்குறைய அதுதான். 2048க்கு 2048 என்றால் நான்கு மடங்கு. அவ்வளவு பெரிய இடத்தை ஒரே உடம்பால் நிரப்ப அதற்குத் தெரியாது, இரண்டாவது இடுப்பைப் போட்டு நிரப்புகிறது.

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் மூலப் படத்தின் அளவு என்ன? ஃபைல் மேல் வலது பட்டனை அழுத்தி Properties பார்த்துவிட்டு எழுதுங்கள். அது தெரியாமல் மேலே பேசிப் பயனில்லை.

எம்சி ரோடு ஜவுளி

1200 × 1600 என்று இருக்கிறது அக்கா.

மின்ட் தெரு மாலா

நினைத்தேன். இப்போதைய போன்கள் பொதுவாக இந்த அளவில் படம் எடுப்பதில்லை. 1200 × 1600 என்றால் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி வந்தது. நீங்கள் எடிட்டைத் தொடங்குவதற்கு முன்பே சரிகையில் பாதி போயிருக்கும். படம் எடுத்தவரிடம் Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். கேலரியில் இருந்து தேர்ந்தெடுக்காமல் ஃபைலாக இணைக்க வேண்டும்.

எம்சி ரோடு ஜவுளி

வாங்கிவிட்டேன். 3000 × 4000. கரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கோபுரமும் தனித்தனியாகத் தெரிகிறது. வாட்ஸ்அப் படத்தில் அது வெறும் மஞ்சள் பட்டை.

மின்ட் தெரு மாலா

இப்போது கணக்குப் போடலாம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படம் மூன்றுக்கு நான்கு. நீங்கள் வைத்தது சதுரம். மூன்று வித எரிச்சலும் இந்த ஒரு பொருத்தமின்மையில் இருந்து வந்தவைதான். `Just resize` செய்வது என்ன? 3000ஐ 1024க்கும், 4000ஐ 1024க்கும் தனித்தனியாகச் சுருக்குகிறது. உயரம் அதிகமாகச் சுருங்குவதால் ஆள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுகிறார். முதலாளி மகள் கேட்டதில் தப்பே இல்லை. `Crop and resize` நடுவில் 3000க்கு 3000 சதுரத்தை எடுத்துக்கொண்டு மேலே 500, கீழே 500 பிக்சலை வெட்டிவிடுகிறது. உங்கள் கரை அந்தக் கீழ் 500க்குள் இருந்தது, போய்விட்டது. `Resize and fill` ஆளை ஒழுங்காக வைத்து, மீதி இடத்தை ஓரத்து நிறத்தை இழுத்து நிரப்புகிறது. சுவர் கோடு கோடாக வந்தது அதனால்தான்.

எனவே சதுரம் வேண்டவே வேண்டாம். படம் முழுவதையும் அனுப்புவதாக இருந்தால் அதே மூன்றுக்கு நான்கில் 960 × 1280 வையுங்கள். ஆளும் அகலமாக மாட்டார், கரையும் வெட்டுப்படாது. மங்கல் மட்டும் இதனால் தீராது. அதை அடுத்துச் சொல்கிறேன், கடையில் ஆள் நிற்கிறார்.

கொருக்குப்பேட்டை கார்த்தி

எஸ்டிஎக்ஸ்எல் அளவுப் பட்டியலில் 960 × 1280 இல்லையே. 896 × 1152 தான் இருக்கிறது, அதுவும் மூன்றுக்கு நான்கு மாதிரிதான். பட்டியலில் உள்ளதைப் போட்டால்தான் நல்லது என்று படித்திருக்கிறேன்.

மின்ட் தெரு மாலா

மாதிரிதான், அதே இல்லை. 896ஐ 1152ஆல் வகுத்தால் 0.778. உங்கள் படம் 0.75. `Just resize` வைத்தால் ஆள் நான்கு சதவீதம் போல அகலமாவார். நான்கு சதவீதம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, ஆனால் கட்டம் போட்ட புடவை என்றால் சதுரக் கட்டம் லேசாகப் படுத்த மாதிரி ஆகும். சந்தேகம் இருந்தால் வெளியே வந்த படத்தை மூலப் படத்தின் மேல் ஒரு லேயராக வைத்து, 3000 × 4000க்கு இழுத்து, ஒளிபுகுதலைப் பாதியாக்கிப் பாருங்கள். முகத்தின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் எங்கேயோ வெட்டுப்பட்டிருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. முகம் சரியாக உட்கார்ந்தால் தப்பித்தீர்கள். ஆனால் `Just resize` இழுப்பை இந்தச் சோதனை காட்டாது, திரும்ப இழுக்கும்போது அதுவே சரியாகிவிடும். அதற்கு வெளியே வந்த ஃபைலின் அகலத்தை உயரத்தால் வகுத்துப் பார்ப்பதுதான் வழி.

பட்டியலில் உள்ள அளவுதான் நல்லது என்பது வெற்றுத் தாளில் புதிதாக வரையும்போது அதிகம் பொருந்தும். இங்கே ஏற்கெனவே ஒரு உடம்பு நிற்கிறது. 960 × 1280 பரப்பில் கொஞ்சம் அதிகம், தாங்கும். பட்டியலின் அருமை வேறு இடத்தில் வருகிறது.

ராயபுரம் டெய்லர்

நான் பிளவுஸ் தைப்பவன். எனக்கு இதே தொல்லை கை நீளத்தில் வருகிறது. முழங்கை வரைக்கும் கை வைக்கச் சொன்னால் அது தோளிலேயே நின்றுவிடுகிறது. அளவு மாற்றினால் சரியாகுமா?

மின்ட் தெரு மாலா

அது அளவு இல்லை அண்ணே. மாஸ்க்கை நீங்கள் பழைய கைக்கு மட்டும் தீட்டியிருப்பீர்கள். புதுக் கை எங்கே வர வேண்டுமோ அந்தத் தோல் பகுதியையும் சேர்த்துத் தீட்டினால்தான் அங்கே துணி வரும். தீட்டாத இடத்தை அது தொடாது.

ராயபுரம் டெய்லர்

சரி, அதுதான் போலிருக்கிறது. இரவு பார்க்கிறேன்.

மின்ட் தெரு மாலா

மங்கலுக்கு வருகிறேன். இதுதான் உங்கள் கேள்வியின் உயிர்.

உங்கள் 3000 × 4000 படத்தில் கரையைப் பெரிதாக்கி ஒரு கோபுரத்தை அளந்து பாருங்கள். எவ்வளவு பிக்சல் அகலம்?

எம்சி ரோடு ஜவுளி

அளந்தேன். ஒரு கோபுரம் 60 பிக்சல் போல. கரையின் மொத்த உயரம் 240. சரிகைக் கோடு ஒவ்வொன்றும் 8 இருக்கும்.

மின்ட் தெரு மாலா

நீங்கள் வைத்திருந்த 1024இல் உயரவாக்கில் எல்லாம் கால்வாசியாகச் சுருங்குகிறது. கரை 61 பிக்சல், கோபுரத்தின் உயரமும் அதே கணக்கில், சரிகைக் கோடு 2 பிக்சல். இதோடு முடியவில்லை. இந்த மாடல் படத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. எட்டுக்கு எட்டு பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தில்தான் வேலை செய்கிறது. அப்புறம் திரும்ப விரிக்கிறது. 2 பிக்சல் கோடு ஒரு கட்டத்துக்குள் எங்கோ கரைந்துவிடும். விரிக்கும்போது "இங்கே ஏதோ மஞ்சளாக மினுங்கியது" என்ற அளவுக்குத்தான் அதற்கு நினைவிருக்கும். அப்புறம் நீங்கள் அப்ஸ்கேல் செய்தாலும் அந்த மஞ்சள் மினுக்கம்தான் பெரிதாகும், இழை வராது.

அதனால் படம் முழுவதையும் சுருக்கி அனுப்பாதீர்கள். `Inpaint area` என்ற இடத்தில் `Whole picture` இருக்கும். அதை `Only masked` ஆக்குங்கள். அப்போது நீங்கள் தீட்டிய பகுதியை மட்டும், சுற்றிலும் கொஞ்சம் ஓரத்தோடு வெட்டியெடுத்து, நீங்கள் கொடுத்த அகலம் உயரத்துக்கு மாற்றி, வரைந்து, திரும்ப 3000 × 4000 படத்திலேயே ஒட்டிவிடும். முகம், கை, சுவர் எல்லாம் மூலப் படத்தில் இருந்தபடியே நிற்கும். வெளியே வருவதும் 3000 × 4000தான்.

இப்போது கேள்வியே மாறிவிடுகிறது பாருங்கள். அகலம் உயரம் இனிமேல் படத்தின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டியதில்லை. தீட்டிய பகுதியின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டும்.

காலடிக் கரையை எடுத்துக்கொள்வோம். அது படுக்கைவாக்கில் நீளமான பட்டை. 1100 அகலம், 300 உயரம் தீட்டினீர்கள் என்று வையுங்கள். `Only masked padding, pixels` 150 வைத்தால் நான்கு பக்கமும் சேர்த்து 1400 × 600. நீங்கள் அளவைப் படத்தைப் போலவே 960 × 1280 என்று நிமிர்த்தி வைத்திருந்தால், அந்த நெட்டை வடிவத்துக்குச் சேர அது மேலே கொசுவத்தை எல்லாம் வாரிக்கொண்டு 1400 × 1867 பகுதியை எடுக்கும். 60 பிக்சல் கோபுரம் 41 ஆகும். அதே இடத்தில் 1344 × 768 என்று படுக்கவைத்தால் 1400 × 800 போதும். 1400ஐ 1344 ஆக்குகிறது, கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. கோபுரம் 58 பிக்சல். சரிகைக் கோடும் 8ஐ ஒட்டியே நிற்கும். கார்த்தி சொன்ன பட்டியல் இங்கேதான் உதவும், 1344 × 768 அதில் இருக்கிறது.

முந்தானை தொங்கும் பகுதி நெட்டை. அதற்கு 640 × 1536.

கொருக்குப்பேட்டை கார்த்தி

ஓ, படம் நிமிர்ந்து இருந்தாலும் அளவைப் படுக்கவைக்கலாமா? இத்தனை நாள் நான் படத்தின் அளவையே காப்பி பண்ணிக்கொண்டு இருந்தேன். நீளும் என்று பயம்.

மின்ட் தெரு மாலா

`Only masked`இல் பகுதியைத்தான் அது விரித்துச் சேர்த்துக்கொள்கிறது, துணியை இழுப்பதில்லை. `Whole picture`இல் படுக்கவைத்தால் மட்டும் கதை கந்தல்.

எம்சி ரோடு ஜவுளி

அக்கா, கரையை மட்டும் இப்படிச் செய்து பார்த்தேன். கோபுரம் கத்தி மாதிரி வருகிறது! ஆனால் கரை மட்டும் ஏதோ ஸ்டிக்கர் ஒட்டினது போலத் தெரிகிறது. கொசுவத்தின் மடிப்பு மேலே இருந்து வருகிறது, கரையில் வந்ததும் மடிப்பே இல்லாமல் நேர்க்கோடாக ஓடுகிறது.

பெரம்பூர் ஸ்டுடியோ

இதைத்தான் நான் முதலில் இருந்து சொல்கிறேன். ஓரம் சரியில்லை.

மின்ட் தெரு மாலா

ஓரம்தான், ஸ்டுடியோ அண்ணன் சொல்வது இந்த முறை பொருந்துகிறது. padding எவ்வளவு வைத்தீர்கள்?

எம்சி ரோடு ஜவுளி

மாற்றவில்லை. 32 என்று இருந்தது.

மின்ட் தெரு மாலா

அதுதான். 4000 பிக்சல் உயரப் படத்தில் 32 என்பது விரல்கடை கூட இல்லை. அது கரையை மட்டும் பார்த்தது, மேலே மடிப்பு எப்படி இறங்குகிறது என்று பார்க்கவே இல்லை. 150க்கு ஏற்றுங்கள், தேவைப்பட்டால் 250. ஆனால் ஓரம் ஏற ஏற பகுதி பெரிதாகும், கோபுரத்துக்குக் கிடைக்கும் பிக்சல் குறையும். இரண்டுக்கும் நடுவில் நீங்கள்தான் பார்த்து நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, கரையை முதலில் செய்யாதீர்கள். நான் செய்கிற வரிசை இது. முதலில் புடவை முழுவதையும் தீட்டி `Only masked`இல் ஒரு சுற்று. புடவை நெட்டையாக நிற்கும் பகுதி, ஓரத்தோடு 1800 × 3300 போல வரும், அதனால் 768 × 1344. இதில் உடல் நிறமும் மடிப்பும் முந்தானை விழும் விதமும் சரியாக அமைந்தால் போதும். சரிகை மங்கலாகத்தான் இருக்கும், கோபுரம் 24 பிக்சல்தானே. கவலைப்படாதீர்கள். அந்தப் படத்தையே திரும்ப உள்ளே போட்டு, கரையை மட்டும் தீட்டி, 1344 × 768, எவ்வளவு மாற்றி வரையலாம் என்று சொல்லும் `Denoising strength` 0.4. ஏற்கெனவே மடிப்பு இருப்பதால் அதை விட்டுவிடாது, மேலே சரிகையைத் தெளிவாக்கும். 0.7க்குப் போனால் மடிப்பை மறந்துவிட்டு மறுபடி ஸ்டிக்கர் ஒட்டும்.

நீளமான கரை என்றால் இரண்டு துண்டாகச் செய்ய வேண்டிவரும். அப்போது ஒரு துண்டின் மேல் இன்னொன்று கொஞ்சம் ஏறியிருக்கட்டும்.

எம்சி ரோடு ஜவுளி

மயில்கழுத்து நிறத்தில் முடித்துவிட்டேன். 0.4 சரியாக இருக்கிறது. முதலாளி மகளிடம் காட்டினேன், "இப்பதான் நான் மாதிரி இருக்கேன்" என்றார். அளவும் அவரும் இரண்டும் சரி.

இனி இன்ஸ்டாவுக்கு 1080 × 1350, இன்னொரு இடத்தில் சதுரம் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக எடிட் செய்ய வேண்டுமா?

மின்ட் தெரு மாலா

வேண்டாம். ஒரே ஒரு 3000 × 4000 படத்தில் முடித்து வைத்துக்கொள்ளுங்கள், வெட்டுவது கடைசியில். நான்குக்கு ஐந்துக்கு 3000 × 3750. அந்த 250ஐ மேலே வானத்தில் இருந்து எடுங்கள், கீழே தொடாதீர்கள். சதுரத்துக்கு வெட்டவே கூடாது. இரண்டு பக்கமும் 500, 500 சேர்த்து 4000 × 4000 ஆக்குங்கள். பின்னால் மொட்டை மாடிச் சுவர்தானே, அதே நிறத்தில் நிரப்பினால் போதும். அப்புறம்தான் சிறிதாக்க வேண்டும். சிறிதாக்கிச் சேமித்ததைத் திறந்து மறுபடி எடிட் செய்தால் பழைய கதைதான்.

அடுத்த முறை எடுக்கும்போது காலுக்குக் கீழே ஒரு முழம் தரை தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள். எங்கே வெட்டினாலும் கரை தப்பிக்கும்.

பெரம்பூர் ஸ்டுடியோ

Shift விஷயம் நான் சொன்னது சரிதானே? பசங்க யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கொருக்குப்பேட்டை கார்த்தி

அண்ணே, 2018 கடைசியில் வந்த வெர்ஷனில் இருந்து அது தலைகீழ். சும்மா இழுத்தாலே விகிதம் மாறாது, Shift அமுக்கினால்தான் நீளும். உங்கள் பழைய போட்டோஷாப்பில் நீங்கள் சொன்னதுதான் சரி.

பெரம்பூர் ஸ்டுடியோ

எங்களுடையது பழசுதான். மாற்றுவதாகவும் இல்லை.

தண்டையார்பேட்டை வாசு

எல்லாம் படித்தேன். ஒரு சந்தேகம். கோபுரம் கத்தி மாதிரி வருகிறது, சரி. ஆனால் அது உங்கள் கடையில் இருக்கும் புடவையின் கோபுரமா, இல்லை அதுவாகக் கற்பனை செய்ததா? வாங்குகிறவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் கோபுரத்துக்கு நடுவில் ருத்ராட்சம் இருக்கும், படத்தில் இருக்காது. மங்கலாக இருந்தபோது யாருக்கும் தெரியாது. தெளிவாக்கியதும் வித்தியாசமும் தெளிவாகிவிடுமே.

எம்சி ரோடு ஜவுளி

இது நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் புடவையை விரித்துப் பார்த்தேன். உண்மைக் கரையில் கோபுரத்தின் மேல் ஒரு சின்னப் புள்ளி வரிசை இருக்கிறது. படத்தில் இல்லை.

மின்ட் தெரு மாலா

வாசு சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். நிறமும் மடிப்பும் எடிட்டில், கரை மட்டும் உண்மைப் புடவையில் இருந்து, இதுதான் என் வழக்கம். புடவையைத் தரையில் விரித்து, கரையை நேர் மேலே இருந்து எடுங்கள். ஒரு கோபுரம் 60 பிக்சலுக்குக் குறையாமல் விழ வேண்டும், பெரிதாக இருந்தால் சுருக்கிக்கொள்ளலாம். சின்னதாக எடுத்துப் பெரிதாக்கினால் மங்கும். அதை ஜிம்ப்பில் மடிப்புக்கு ஏற்ப வளைத்து வைத்து, அந்தப் படத்தை 0.2, 0.25இல் ஒரு சுற்று விட்டால் நிழல் சேர்ந்துவிடும்.

தண்டையார்பேட்டை வாசு

0.2இல்கூட அந்தப் புள்ளி வரிசை நிற்குமா? சந்தேகம்தான். என் அனுபவத்தில் சின்னப் புள்ளி எப்போதும் கரைந்துவிடும்.

மின்ட் தெரு மாலா

கோபுரம் நிற்கும். புள்ளி 8 பிக்சலுக்குக் கீழே இருந்தால் நிற்பதும் போவதும் அதன் விருப்பம். எனக்கு அது போய்விட்டால், நிழலை மட்டும் மேல் லேயராக வைத்து Multiply போட்டு, கீழே உண்மைக் கரையை அப்படியே விட்டுவிடுவேன்.

பெரம்பூர் ஸ்டுடியோ

அதாவது கடைசியில் ஒட்டுகிறீர்கள்.

எம்சி ரோடு ஜவுளி

வாடாமல்லி நிறப் புடவையில் இதை முயற்சி செய்கிறேன். அதில் கரை இரண்டு பக்கமும் வேறு வேறு அகலம், பெரிய கரை காலடியில், சின்னது தோளில். தோள் பக்கம் மடிப்பு குறுக்கே சாய்ந்து வருகிறது, அங்கே மாஸ்க் நிமிர்ந்தும் இல்லை, படுத்தும் இல்லை. அதற்கு எந்த அளவு வைப்பது என்று யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.

கொருக்குப்பேட்டை கார்த்தி

படத்தையே கொஞ்சம் சாய்த்து, கரை படுக்கையாக வந்ததும் எடிட் செய்துவிட்டுத் திரும்ப நிமிர்த்தலாமா?

மின்ட் தெரு மாலா

செய்யலாம், ஆனால் சாய்க்கும்போது ஒரு முறை, நிமிர்த்தும்போது ஒரு முறை, இரண்டு தடவை லேசாக மங்கும். தொண்ணூறு டிகிரி என்றால் எதுவும் ஆகாது, இடைப்பட்ட கோணம்தான் பிரச்சினை. அந்தத் தோள் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துச் செய்து, முடிந்ததும் கரையை மட்டும் மூலத்தில் ஒட்டினால் மற்ற இடம் தப்பும். நான் தோளுக்கு 1024 சதுரத்திலேயே விட்டுவிடுகிறேன். சின்னக் கரைதானே என்று. உங்கள் முறை நன்றாக வந்தால் இங்கே படம் போடுங்கள், ஃபைலாக.